பாக்கெட்டின் மேல் 1500 மி.லி. என்று போட்டிருக்கிறீர்களே

பெரியவர்களுக்கான டயப்பரும் மெத்தைமேல் விரிக்கும் அண்டர்பேடும் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவுக்கு இரண்டு வருடமாக உங்கள் பொருள்களை வாங்கிப் பயன்படுத்துகிறேன். குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. நான் வாங்கிப் பார்த்த பாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான குறை இருந்தது, அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே ஒரு மடல்.

முதல் நான்கு மாதம் எங்கள் வீட்டில் தினமும் விடியற்காலையில் மெத்தை நனைந்திருக்கும். பாக்கெட்டில் 1500 மி.லி. உறிஞ்சும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒருவர் நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரே பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு லிட்டருக்குள்தான். ஒரு ராத்திரிக்கு இது தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். போதவில்லை. மருந்துக்கடையில் கேட்டபோது, "பெரிய சைஸ் வாங்கிப் போடுங்கம்மா, அது நிறைய தாங்கும்" என்றார்கள். வாங்கினேன், இன்னும் அதிகமாக நனைந்தது. பழைய எல் சைஸுக்கே திரும்பினேன்.

சரி, எங்கே போகிறது இந்தத் தண்ணீர் என்று ஒரு நாள் சமையலறைத் தராசை எடுத்துவந்து வைத்தேன். ஒரு கிராம் எடை கூடினால் ஏறத்தாழ ஒரு மி.லி. சிறுநீர் என்று வைத்துக்கொள்ளலாம். எல் சைஸ் டயப்பர் காய்ந்த நிலையில் 120 கிராம் இருந்தது. இரவு பத்து மணிக்குப் போட்டு காலை ஐந்துக்குக் கழற்றியபோது 560 கிராம். ஆக, உள்ளே நின்றது 440 மி.லி. கீழே போட்டிருந்த அண்டர்பேட் 60 கிராமிலிருந்து 210 ஆகியிருந்தது, அது 150 மி.லி. ராத்திரி முழுவதற்கும் சேர்த்து 590 மி.லி.தான் வந்திருக்கிறது. 1500 தாங்கும் என்று சொன்ன டயப்பர் அதில் மூன்றில் ஒரு பங்குகூடப் பிடிக்காமல், வந்ததில் கால்வாசிக்கு மேல் வெளியே விட்டிருக்கிறது.

கழற்றியதை விரித்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. அம்மா பெரும்பாலும் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பவர். டயப்பரின் இடது பின்பகுதி ஊறிக் கனத்துத் தொங்கியது. முன்பகுதியும் வலது பக்கமும் புதுசு மாதிரி மொடமொடவென்று இருந்தன. அந்தப் பகுதிகளுக்குச் சிறுநீர் போகவே இல்லை.

உங்கள் எண் எப்படி வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். ஐ.எஸ்.ஓ. 11948-1 என்றொரு சோதனை முறை இருக்கிறது. டயப்பரை முழுசாகத் திரவத்தில் முக்கி ஊறவைத்து, வடியவிட்டு, எவ்வளவு எடை கூடியது என்று பார்ப்பார்கள். பொருளோடு பொருளை ஒப்பிட அது நல்ல முறைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே டயப்பரின் ஒவ்வொரு மூலையும் நனைகிறது, மேலே யாரும் படுத்திருப்பதில்லை. எங்கள் வீட்டிலோ சிறுநீர் ஒரே இடத்தில், ஒரே மூச்சில் 200, 300 மி.லி. என்று வருகிறது. உள்ளே இருக்கும் உறிஞ்சும் துகள்கள் அதை ஜெல்லியாக மாற்றச் சிறிது நேரம் வேண்டும், அதுவரை பஞ்சுதான் தாங்கிப் பரப்ப வேண்டும். உடம்பின் எடை அழுத்தும் இடத்தில் அந்தத் துகள்கள் பிடிப்பதும் குறைவு. எனவே அச்சடித்த எண்ணில் பாதியை எட்டும் முன்பே கசிவது விபத்தில்லை, சாதாரணமாக நடப்பது. இதை ஒரு வரியில் பாக்கெட்டில் சொல்லியிருந்தால் நான்கு மாதம் மெத்தை காயவைத்திருக்க மாட்டேன்.

இனி அளவு. பாக்கெட்டில் 'இடுப்பளவு' என்று போடுகிறீர்கள். நாடா கட்டும் இடத்தையும் நாம் இடுப்பு என்கிறோம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடத்தையும் இடுப்பு என்கிறோம். எதை அளப்பது? அம்மாவுக்குத் தொப்புள் மட்டத்தில் 76 செ.மீ., புட்டம் அகலமாக இருக்கும் இடத்தில் 88 செ.மீ. இரண்டில் எது பெரியதோ அதை வைத்துத்தான் சைஸ் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காயங்களுக்குக் கட்டுப்போட வீட்டுக்கு வந்த செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது. படுத்திருப்பவரை அளப்பதும் பெரிய வேலையில்லை. ஒரு பக்கம் திருப்பும்போது டேப்பை முதுகுக்கடியில் செருகிவிட்டு, மறுபக்கம் திருப்பி இழுத்துக்கொண்டால் போதும்.

88 என்பது எம் சைஸின் நடுவில் வருகிறது. நான் போட்டுக்கொண்டிருந்த எல் சைஸில் இரண்டு பக்க ஒட்டுப்பட்டைகளும் வயிற்றின் நடுவே வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அதுவே பெரிய சைஸ் என்பதற்கு அடையாளம். அதைவிட முக்கியமானது தொடை. படுக்கையில் இருப்பவர்களுக்குத் தொடைச் சதை வற்றிப்போகிறது. டயப்பர் பெரிதாக இருந்தால் கால் பக்கத்தில் இடைவெளி விழும், ஒருக்களித்ததும் வாய்க்கால் வெட்டிவிட்டது போல் அந்த வழியாக ஓடிவிடும். மாட்டியபின் கால் ஓரத்தில் ஒரு விரல் வழுக்கிக்கொண்டு நுழைய வேண்டும், இரண்டு விரல் லேசாகப் போனால் தளர்வு. ஒரு விரலும் போகாமல் தோலில் தடம் பதிந்தால் இறுக்கம்.

எம் சைஸில் போட்டிருந்த எண் 1200 மி.லி. எண் குறைவு என்பதால்தான் அதுவரை அதைத் தொடவே இல்லை. அதை மாட்டிய முதல் ராத்திரி, தராசில் 530 மி.லி. உள்ளே நின்றது. அண்டர்பேடில் ஒரு சொட்டு இல்லை.

மாட்டும் விதத்தையும் அன்றுதான் மாற்றினேன், அதற்கும் பங்கு உண்டு. டயப்பரை முதலில் நீளவாக்கில் மடித்துப் படகு மாதிரி பிடித்து, ஒருக்களித்த நிலையில் முன்னிருந்து பின்னாகச் செருக வேண்டும். இரண்டு ஓரத்திலும் நிற்கும் மடிப்புத் தடுப்பு உள்பக்கம் சுருண்டு படுத்துவிடாமல் விரலால் எடுத்து நிறுத்தி, தொடை இடுக்கில் சேர்த்துவிட வேண்டும். கீழ்ப்பட்டையை முதலில் சற்று மேல்நோக்கியும், மேல்பட்டையைச் சற்றுக் கீழ்நோக்கியும் ஒட்டினால் காலும் இடுப்பும் தனித்தனியாகப் பிடிக்கும். ஆண்களுக்கு என்றால் ஆணுறுப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் விளிம்பு வழியாக வயிறு நனையும். உங்கள் பாக்கெட்டில் இருக்கும் படம் நின்றுகொண்டு சிரிக்கும் ஒரு ஆளுடையது. நிற்க முடிந்தவர்கள் பெரும்பாலும் ஜட்டி மாதிரி ஏற்றிக்கொள்ளும் வகையை அல்லவா வாங்குவார்கள்? ஒட்டுப்பட்டை வகையின் படத்திலாவது ஆளைப் படுக்க வையுங்கள்.

நனைந்தால் நிறம் மாறும் கோடு பற்றியும் ஒன்று. அது ஈரம் பட்டதைத்தான் சொல்லும், நிரம்பியதைச் சொல்லாது. ஐம்பது மி.லி.க்கே முழுக்க நீலமாகிவிடுவதும் உண்டு. அம்மாவைப் போல் ஒருக்களித்துப் படுப்பவருக்குப் பின்பக்கம் ஊறிய பிறகும் நடுக்கோடு பாதி மஞ்சளாகவே இருப்பதும் உண்டு. நான் கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கையால் அடிப்பக்கத்தை ஏந்திக் கனம் பார்க்கிறேன். பத்து நாள் தராசில் வைத்துப் பழகினால் கைக்கே தெரிந்துவிடும். அம்மாவுக்கு 500 மி.லி.தான் எல்லை. அதைத் தாண்டுவதற்குள், எப்படியும் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் ராத்திரி இரண்டு மணி வாக்கில் மாற்றிவிடுகிறேன். மலம் கழித்தால் மட்டும் கனம், கோடு, மணி எதுவும் பார்ப்பதில்லை, உடனே மாற்றம்.

தோல் விஷயத்தில் நான் செய்த தப்பு பெரியது. சிவந்த இடத்தில் பவுடர் கொட்டினேன், அது இடுக்கில் கட்டி தட்டி உரசியது. பிறகு துத்தநாகக் களிம்பை வெண்ணெய் போல் அப்பினேன். தோல் தேறியது, ஆனால் டயப்பர் மறுபடி கசிந்தது. களிம்பு டயப்பரின் உள்துணியில் ஒட்டிக்கொண்டு துளைகளை அடைத்துவிட்டது, சிறுநீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடியது. இப்போது தோல் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு மட்டும்தான். அதையும் ஒவ்வொரு தடவையும் சுரண்டிக் கழுவுவதில்லை, அழுக்கை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு மேலே கொஞ்சம் தொட்டுவைக்கிறேன். சாதாரண சோப்பும் விட்டாயிற்று. தோல் இயல்பாகச் சற்று அமிலத்தன்மையோடு இருக்கும். சிறுநீர் தங்கினால் அம்மோனியா உண்டாகி அதைக் காரமாக்கும், சோப்பும் அதே வேலையைத்தான் செய்யும். காரமான தோலில் மலத்திலுள்ள நொதிகள் இன்னும் வேகமாக அரிக்கும்.

எல்லாச் சிவப்பும் ஈரத்தால் வருவதில்லை என்பதையும் அந்தச் செவிலியர்தான் காட்டினார். ஈரத்தால் வருவது இடுக்குகளிலும் டயப்பர் தொடும் இடமெங்கும் ஓரம் தெளிவில்லாமல் பரவியிருக்கும். வால் எலும்பு, இடுப்பெலும்பு போன்ற மேட்டின் மேல் வட்டமாக, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். அதற்கு எந்த டயப்பரும் மருந்தாகாது, அந்த இடத்தில் எடை விழாமல் பார்க்க வேண்டும், மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ, கெட்டியாகவோ மெத்தென்றோ இருப்பதுதான் அடையாளம். சிவப்பின் ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் சிதறியிருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வேறு களிம்பு.

அண்டர்பேடைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது மெத்தைக்குக் காவல், டயப்பருக்குத் துணை இல்லை. பயத்தில் நான் மூன்று அடுக்கு போட்டதுண்டு. புழுக்கத்தில் முதுகு வியர்த்தது, மடிப்புகள் தோலில் பதிந்தன. அம்மா படுத்திருப்பது காற்று மெத்தை, அடுக்க அடுக்க அதன் பயனும் குறைகிறது. ஒன்று போதும், தோளிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து முழங்கால் வரை. 60க்கு 90 செ.மீ. உள்ளதைக் குறுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் சேரும். டயப்பருக்குள் இன்னொரு பேடை வைக்கும் பழக்கமும் வீண். அதன் அடியில் பிளாஸ்டிக் இருந்தால் ஈரம் கீழே இறங்காமல் பக்கவாட்டில்தான் போகும். இன்னொன்று, கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள் என்று இதைப் படிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் அடர்த்தியானால் எரிச்சல் கூடும், தொற்றும் மலச்சிக்கலும் வரும்.

உங்களிடம் நான் கேட்பது நான்கு வரி அச்சு. மி.லி. எண்ணுக்குப் பக்கத்தில், இது முழுக்க முக்கி அளந்தது, படுத்திருப்பவருக்கு எவ்வளவில் மாற்ற வேண்டும் என்பது. காய்ந்த டயப்பரின் எடை எத்தனை கிராம் என்பது. அளக்க வேண்டிய இடத்தைப் படத்தோடு, தொடை அளவையும் சேர்த்து. களிம்பை மெல்லிதாகப் பூசவும் என்பது.

அம்மாவுக்குப் போன வாரம் மறுபடி அளந்தேன், 85 செ.மீ. இன்னும் கொஞ்சம் இளைத்தால் எஸ் சைஸ் பார்க்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் எண் இன்னும் சிறியதாக இருக்கும். இந்தத் தடவை அதைப் பார்த்து நான் பின்வாங்க மாட்டேன். ஆனால் இன்றைக்குத்தான் முதல் பாக்கெட் வாங்கப்போகும் ஒருவர் பின்வாங்குவார், எல் சைஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இப்படிக்கு,
இரண்டு வருடமாக உங்கள் பாக்கெட்டுகளைப் பிரிக்கும் ஒரு மகள்