பக்கத்து நாற்காலிக்காரர்

ஆசிரியருக்கு,

பணியிடத்தில் ஒருவரைத் தொடர்ந்து மட்டம்தட்டுவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொன்னது. பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாராந்தரக் கூட்டங்களில் எங்கள் குழுத் தலைவர் குறிவைத்தது ஒரே பெண்ணை. அந்தப் பெண் பேசத் தொடங்கினாலே தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "இவங்களுக்குப் புரிய வைக்க இன்னொரு கூட்டம் போடணும்" என்பார். சிலர் சிரிப்பார்கள், ஒருமுறை நானும் சிரித்தேன். யாருமே வாய் திறக்காததால், இது அவ்வளவு பெரிய விஷயமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பேசிப் பார்த்தால், வேறு இருவரும் என் மௌனத்தைப் பார்த்து அதையேதான் நினைத்திருக்கிறார்கள்! 1968இல் லத்தானே, டார்லி என்ற உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுச் சோதித்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாததுபோல் நடித்த இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கை தாமதம் என்று தலைவர் அந்தப் பெண்மேல் பாய்ந்தபோது, "கணக்கு விவரத்தை நான்தான் இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன்" என்றேன். அது உண்மையும்கூட. தலைவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. பேச்சு அறிக்கைக்குத் திரும்பிவிட்டது. எல்லார் முன்னும் தட்டிக்கேட்டிருந்தால், அந்தக் கோபத்தை அவர் பிறகு தனியறையில் அந்தப் பெண்மேல் காட்டியிருப்பார் என்றே இப்போதும் நினைக்கிறேன். (அடுத்த சில வாரம் கடிகாரப் பார்வை எனக்கும் கிடைத்தது.)

மாலையில் அந்தப் பெண்ணிடம், "புகார் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம். இரண்டு மாதத்தில் என் பணி நிரந்தரமாக வேண்டும். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதி வையுங்கள்" என்றார். கேட்காமல் புகார் கொடுத்திருந்தால் அவர் காலை நானே வாரியிருப்பேன்.

எழுதுவதிலும் முதலில் தவறினேன். "மிகக் கேவலமாகப் பேசினார்" என்று எழுதியிருந்தேன். விசாரணை என்று வந்தால் அந்த வரி என் அபிப்பிராயம் மட்டுமே. பிறகு நாள், நேரம், யார் யார் இருந்தார்கள், வாயிலிருந்து வந்த அதே சொற்கள் என்று மட்டும், அன்றன்றைக்கே, வீட்டிலுள்ள குறிப்பேட்டில் எழுதினேன். அலுவலகக் கணினியில் வைத்தால் அது என் கையில் இருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிந்த பேச்சுகள், ஏழு வாரம் வரிசையாக நின்றபோது அப்படித் தெரியவில்லை.

பணி நிரந்தரமானதும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

— ஒரு வாசகி