கடிதம் இல்லாத வாசல்: ஒரு சிறுகதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

தபால்காரர் கதை ஒருவழியாக முடிந்துவிட்டது. ஒரு கிராமம், ஒரு தபால்காரர், ஒரே ஒரு காலை நேரம். வாசலுக்கு வாசல் அவர் கொடுக்கும் குரலை வைத்தே கதையை நகர்த்த வேண்டும், எந்தக் கடிதத்தையும் கதைக்குள் பிரித்துப் படிக்கக் கூடாது என்பதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதற்கு வேண்டிய சரக்கெல்லாம் உங்களிடம் இருந்தது. யாரிடமிருந்து எதை வாங்கினேன் என்று ஊரறியச் சொல்வதற்காக இந்த மடல். பாதிப் பேர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ஓய்வு பெற்ற தபால்கார அய்யா, உங்களுக்கு. கடிதம் கொடுக்கும் கதைகளைக் கேட்க வந்த என்னிடம், கிளம்புவதற்கு முன்னால் கடிதங்களை அடுக்கும் வேலையைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினீர்கள். வந்த தபாலை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. தினமும் சுற்றிவரும் வழியான பீட் எந்தத் தெருவில் தொடங்கி எங்கே முடிகிறதோ, அந்த வரிசையில் வீடு வீடாக அடுக்கிக்கொண்டால்தான் வாசலில் நின்று தேடாமல் வேலை ஓடும். "அடுக்கும்போதே தெரிஞ்சிரும், இன்னைக்கு யாருக்கு ஒண்ணும் இல்லைன்னு. பையில இருக்கறதைவிட அதுதான் கனமா இருக்கும்" என்றீர்கள். கதையின் முதல் பத்தியே அதுதான். என் தபால்காரர் கடிதங்களை அடுக்குகிறார். இரண்டு வீடுகளுக்கு நடுவே எந்தக் கடிதமும் விழாத இடத்தில் அவர் விரல் ஒரு நொடி நின்று, பிறகு நகர்கிறது.

அடுத்ததாக நீங்கள் சொன்ன தூரக் கணக்கு இல்லாவிட்டால் இந்தக் கதையே நின்றிருக்காது. தபாலுக்காகக் காத்திருக்கும் வீட்டில் அன்று ஒன்றும் இல்லையென்றால், தெருமுனையிலேயே சத்தமாகக் குரல் கொடுத்துவிடுவீர்கள். சைக்கிளை விட்டு இறங்க மாட்டீர்கள். முழங்கால் வலியோடு ஒரு கிழவி திண்ணையிலிருந்து எழுந்து வாசல்வரை வந்து வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காக. அந்தக் குரலில் "இல்லை" என்ற சொல்லே இருக்காது. "என்ன ஆத்தா, வெயிலு ஏறிருச்சு, உள்ள போகலையா?" அவ்வளவுதான். மணியார்டர் வந்திருந்தால் நேர்மாறு. குரலை அடக்கி, சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கதவுக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிடுவீர்கள். பணம் வந்த செய்தி பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது வகையை, கெட்ட செய்தி வந்தால் எப்படி என்று, நான் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கூப்பிடவே மாட்டேன். கிட்ட போயி நிப்பேன்" என்றீர்கள்.

இந்த மூன்றும் ஊருக்கும் பழகிப்போயிருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய திறப்பு. குரல் எங்கிருந்து வருகிறது, சைக்கிள் சத்தம் நிற்கிறதா, நகர்கிறதா என்பதை வைத்து, உறை கைக்கு வருவதற்கு முன்னாலேயே வீட்டுக்குள் இருப்பவர்கள் பாதி செய்தியைத் தெரிந்துகொண்டிருந்தார்கள். ஒரு கடிதத்தையும் நீங்கள் பிரித்ததில்லை என்று சொன்னபோது உங்களுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது. நான் அப்படிக் கேட்டிருக்கவே கூடாதுதான். பதிவுத் தபாலின் அனுப்புநர் முகவரியும், உறைமேல் கொஞ்ச நாளாக நடுங்கத் தொடங்கிய கையெழுத்தும் போதாதா, உள்ளே வேறு எதற்குப் பார்க்க வேண்டும்?

தபால் தலை சேகரிக்கும் நண்பரே, இதை உங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே பேச்சைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். 1840-க்கு முன்னால் அங்கே கடிதக் கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்குகிறவர்தான் கட்ட வேண்டும். அதனால் வெளியுறையில் முன்பே பேசிவைத்த குறி ஒன்றைப் போட்டு அனுப்புவார்கள்; வாங்குகிறவர் குறியைப் பார்த்துச் சேதியைத் தெரிந்துகொண்டு, காசு இல்லை என்று கடிதத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார். பிரிக்காத கடிதம் சேதியைச் சொல்லிவிட்டுப் போன பழைய தந்திரம் இது. கதைக்குள் இதை வைக்க இடமில்லை. ஆனால் இது தெரிந்த பிறகுதான், கடிதத்தைப் பிரிக்காமலே ஒரு முழுக் கதையைச் சொல்லலாம் என்ற தைரியம் வந்தது.

இனி, கிராம சுகாதார செவிலியர் அக்கா. கதையின் நடுப்பகுதி உங்களுடையது.

கதையில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறாள். அவளுக்குக் கடிதமே வராது. இருந்தாலும் தபால்காரர் தினமும் அந்த வாசலில் குரல் கொடுப்பார், உள்ளேயிருந்து "இருக்கேன் சாமி, போயிட்டு வா" என்று பதில் வரும். ஒரு நாள் அந்தப் பதிலில் ஏதோ மாறியிருக்க வேண்டும். என்ன மாற்றம், அதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று உங்களிடம் கேட்டேன். பதிலே வராமல் போவதாக வைக்கலாமா என்றதற்கு, அதைத்தான் எல்லோரும் எழுதுவார்கள் என்று ஒதுக்கிவிட்டு, "பதில் வரட்டும், ஆனா குழறட்டும்" என்றீர்கள். பக்கவாதத்தின் தொடக்கத்தில் பேச்சு குழறலாம், முகத்தில் ஒரு பக்கம் தொங்கலாம், ஒரு கையைத் தூக்கினால் நிற்காமல் இறங்கலாம். எப்போதாவது வருகிறவருக்கு அந்தக் குழறல் கிழவியின் தூக்கக் கலக்கமாகத்தான் படும். தினமும் அதே நாலு சொல்லை அதே குரலில் கேட்டு வருகிற காதுக்கு மட்டும்தான் "சாமி" சரியாக விழவில்லை என்று உடனே தெரியும். எத்தனையோ வருடத்துக் குரல், ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் தயாராக இருக்கிறது.

அதற்கப்புறம் நீங்கள் சொன்னதைக் கதையில் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறேன். தபால்காரர் உள்ளே போகிறார். பாட்டி தண்ணீர் கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் சொம்பைக் கொண்டுவர, அவர் தடுக்கிறார். விழுங்க முடியாத நிலையில் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். கையைத் தூக்கச் சொல்கிறார், இடது கை இறங்குகிறது. வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறார்.

இந்த இடத்தில் என் தபால்காரரை நாயகனாக்கி முடித்துவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் விடவில்லை. மருத்துவமனையில் முதல் கேள்வியே, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் என்றீர்கள். மூளை ரத்தக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதுவும் ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான். இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் இப்படி எழுந்திருந்தால், படுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு. தபால்காரர் அவள் குரலை நல்லபடியாகக் கடைசியாகக் கேட்டது முந்தின நாள். அந்தச் சாட்சி ஊசிக்கு உதவாது.

ஆக, கதைக்கு இன்னொரு காது தேவைப்பட்டது. தபால்காரர் தெருவில் இறங்கிக் கேட்கிறார். எந்த வீட்டில் யார் காலையில் இருப்பார்கள், யார் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஊரையெல்லாம் கூட்டாமல் மூன்று கதவுகளை மட்டும் தட்டுகிறார். மூன்றாவது வீட்டுச் சிறுமி பள்ளிக்கூடம் கிளம்பும்போது பாட்டி அவளுக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். "நல்லாத்தான் பேசுச்சு. ரெண்டு கையாலயும் பின்னுச்சு" என்று சிறுமியின் தாய் சொல்கிறாள். எத்தனை மணிக்கு என்று கேட்டு, கையில் இருந்த கடிதக் கட்டின் மேல்தாளில் குறித்து, வண்டியில் ஏறுகிறவரிடம் கொடுக்கிறார். கதையில் அவர் எழுதிக் கொடுக்கும் ஒரே தபால் அது. தலை பின்னிவிடும் யோசனை உங்களுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன் அக்கா. இரண்டு கையும் வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்திருக்காது.

விடுப்பில் போன தபால்காரருக்குப் பதிலாளாகப் போன தங்கச்சிக்கு அடுத்த நன்றி. அதே தெரு, அதே நேரம், அதே மாதிரி குரல் கொடுத்தும் முதல் சில நாள் யாரும் பதில் சொல்லவில்லை, "அவருக்கு என்னாச்சு?" என்றுதான் வாசலுக்கு வாசல் கேட்டார்கள் என்று நீ சலித்துக்கொண்டாயே, அதைக் கேட்ட பிறகுதான் கதைக்கு இரண்டாவது பாதி கிடைத்தது. வாசல்களும் அவரைக் கணக்கு வைத்திருக்கின்றன. பாட்டி விஷயத்தில் நேரமாகி, அடுத்த தெருவுக்கு அவர் பிந்தி வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஆள் வெளியே நிற்கிறது. தபாலை யாரும் கேட்கவில்லை. இதே பாட்டிக்கு இது உன் முதல் வாரத்தில் நடந்திருந்தால் உனக்குக் குழறல் தெரிந்திருக்காது என்று நீயே சொன்னதையும் கதையில் ஒரு வரியாக வைத்திருக்கிறேன். இந்தக் காவலுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, இடமாற்றம் உண்டு. அதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும்.

பிரான்சில் 2017 முதல் தபால்காரர்கள் முதியவர்களின் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து, பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புவதைக் கட்டணச் சேவையாகவே நடத்துகிறார்கள் என்று அனுப்பிவைத்த வாசகருக்கு நன்றி. எனக்கு அதில் பழுதொன்றும் தெரியவில்லை. வருகிறவருக்குக் கூலி கிடைப்பதும், வரவேண்டிய நாள் நிச்சயமாக இருப்பதும் நல்லதுதான். ஆனால் விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று என் பாட்டிக்குத் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் தெம்பாகப் பதில் சொல்லி ஏமாற்றிவிடுவாள். போகிற போக்கில் கேட்பதால்தான் அவள் உண்மையான குரலில் பேசுகிறாள்.

கைப்பிரதியைத் திருத்திக் கொடுத்த தோழிக்கு. "அவர் கடிதங்களை மட்டும் சுமக்கவில்லை" என்று தொடங்கிய பத்தியை அப்படியே அடித்துவிட்டு, ஓரத்தில் "தெரியுது" என்று மட்டும் எழுதியிருந்தாய். அரை நாள் உன்மேல் வருத்தமாக இருந்தேன். பத்தி போனது போனதுதான்.

பாட்டி பிழைத்தாளா என்று கைப்பிரதி படித்த எல்லோரும் கேட்டுவிட்டீர்கள். செவிலியர் அக்காவும் நானும் இதில் ஒரே கட்சி. ஊசி நேரத்துக்குள் போட்டாலும் எல்லோரும் முழுசாகத் தேறுவதில்லை. சிலருக்குக் கை திரும்பும், பேச்சு திரும்பாது. அதனால் கதை வண்டி கிளம்பியதோடு அவளை விட்டுவிட்டு, மீதித் தபாலோடு அவர் பின்னால் போகிறது. தபால்கார அய்யாவுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை, "ரெண்டு மாசம் கழிச்சு ஒரு வரி எழுதுங்க" என்கிறார். அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது அய்யா, யோசிக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
கதையை எழுதிய உங்கள் ஆள்