மறு அழைப்புக்கு முன் முன்மொழிவுக் கோரிக்கை ஆவணத்தைத் திருத்தி எழுதக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய ஆவணங்களை மின்படியாக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் பொறுப்பாளர்

பெறுநர்:
கொள்முதல் பிரிவுத் தலைமை அலுவலர் அவர்கள்

பொருள்: பதிவேடுகளை மின்படியாக்கும் பணி – ரத்தான முன்மொழிவுக் கோரிக்கையை மீண்டும் வெளியிடும் முன் பணி விவரம், மதிப்பெண் முறை, சமர்ப்பிப்பு விதிகள் ஆகியவற்றைத் தெளிவுபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்கள் அலுவலகப் பதிவேடுகளை மின்படியாக்கும் பணிக்கான அழைப்பு ரத்து செய்யப்பட்டது என்றும், மறு அழைப்பு விரைவில் வரும் என்றும் அறிவிப்பில் கண்டேன். முதல் அழைப்புக்கு வந்தவை நான்கு முன்மொழிவுகள். இரண்டு, உறை திறந்த அன்றே தள்ளுபடியாயின. அவற்றில் ஒன்று எங்களுடையது. எஞ்சிய இரண்டில் யாருக்குப் பணி என்பதில் தகராறு எழுந்து, அழைப்பே ரத்தானது. தள்ளுபடியை எதிர்த்து இதை எழுதவில்லை. மேல்முறையீட்டுக்கான கெடு எப்போதோ முடிந்துவிட்டது. தேதியை மட்டும் மாற்றி அதே ஆவணம் மறுபடி வெளிவந்தால், நாங்கள் நால்வரும் இடறிய இடத்திலேயே மீண்டும் இடறுவோம். அதைத் தவிர்க்கவே இந்த மனு.

முதலில் பணியின் அளவு. மூன்றாம் பிரிவு "சுமார் 2 லட்சம் தாள்கள்" என்கிறது. விலைப் படிவமோ "ஒரு பக்கத்துக்கான விலை" கேட்டு, அதை 2 லட்சத்தால் பெருக்கச் சொல்கிறது. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். பதிவேடுகளில் இருபுறமும் எழுத்து இருந்தால் செய்ய வேண்டியவை 4 லட்சம் படங்கள். நாங்கள் 4 லட்சம் என்று கொண்டு கணக்கிட்டோம். இன்னொருவர் படிவத்தில் இருந்த 2 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று பின்னர் தெரிந்தது. அவருடைய மொத்த விலை எங்களுடையதில் பாதியாகத் தெரிந்ததற்கு அவர் மலிவாகச் செய்பவர் என்பது காரணமில்லை. இருவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருந்தோம். "படம்" என்பதையே அலகாக வைத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

அதைவிட முக்கியமானது, தாள்கள் எப்படி இருக்கின்றன என்பது. உதிரித் தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் அடுக்கிவிட்டால் வேலை மளமளவென்று ஓடும். தைத்துக் கட்டிய பதிவேட்டை அதில் வைக்க முடியாது. மேலிருந்து படம் பிடிக்கும் கருவியின் கீழே விரித்து, ஓர் ஆள் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஓரம் பொடியும் தாளென்றால் வேகம் இன்னும் குறையும். ஒரே எண்ணிக்கைக்குப் பல மடங்கு ஆள்நேர வித்தியாசம் இங்கேதான் வருகிறது. தங்கள் ஆவணத்தில் இருந்ததோ "பழைய பதிவேடுகள்" என்ற இரண்டு சொற்கள். தைத்தவை எத்தனை, கட்டைப் பிரிக்க அனுமதி உண்டா, A3 அளவைத் தாண்டியவை எத்தனை என்று ஒரு சிறிய அட்டவணையும், நல்ல நிலையில் உள்ளது முதல் மோசமானது வரை இருபது பக்கங்களின் மாதிரிப் படமும் இணைக்கும்படி வேண்டுகிறேன். இவை இல்லாதபோது விலை சொல்பவர் மோசமான நிலையை நினைத்து விலையை ஏற்றுவார். இல்லையென்றால் நல்ல நிலையை நம்பிக் குறைத்துச் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் கூடுதல் தொகை கேட்டு நிற்பார்.

அடுத்து, "தரவுப் பதிவில் 99 விழுக்காடு துல்லியம்" என்ற நிபந்தனை. எதில் 99? எழுத்துகளில் என்றால், 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தில் 20 பிழைகள் இருந்தாலும் அது தேறிவிடும். புலங்களில் என்றால், அதாவது பெயர், தேதி, எண் என்று ஒவ்வொரு கட்டத்திலும் என்றால், ஒரு பதிவுக்குப் பத்துப் புலங்கள் இருக்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பதிவுகளில் ஏதாவது ஒரு பிழை இருக்கலாம். முழுப் பதிவிலேயே 99 என்றால் அது மிகக் கடுமையான நிபந்தனை. ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிட வேண்டிவரும், செலவும் அதற்கேற்ப ஏறும். எதை எண்ணுவது, எத்தனை பதிவுகளைக் குலுக்கல் முறையில் எடுத்துச் சோதிப்பது, தவறினால் அந்தத் தொகுதி முழுவதையும் திருப்புவதா பிழையை மட்டும் திருத்துவதா என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால்தான் 99 என்பதற்கு ஒரு பொருள் உண்டு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆவணம் நெடுக "வேண்டும்", "நலம்", "அளிக்கலாம்" என்ற மூன்றும் கலந்து கிடக்கின்றன. "மாதிரிப் பணியின் படிகளை அளிக்கலாம்" என்பதை விருப்பம் என்று நினைத்து ஒருவர் விட்டுவிட்டார். இரண்டாவது தள்ளுபடி அவருடையதுதான். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களை எழுதுவோர் இந்தச் சிக்கலுக்காகவே 1997-ல் RFC 2119 என்ற சிறு குறிப்பை வெளியிட்டு, கட்டாயத்துக்கு ஒரு சொல், பரிந்துரைக்கு ஒரு சொல், விருப்பத்துக்கு ஒரு சொல் என்று வரையறுத்தார்கள். தங்கள் ஆவணத்திலும் "வேண்டும்" என்றால் இல்லாவிட்டால் தள்ளுபடி, "நலம்" என்றால் மதிப்பெண் மட்டும், "அளிக்கலாம்" என்றால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு அதிலிருந்து பிறழாமல் எழுதலாம். எழுதி முடித்ததும் "வேண்டும்" வரும் வரிகளை மட்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள். இது இல்லையென்று ஒரு நல்ல முன்மொழிவைத் தூக்கி எறிய மனம் வருமா என்று ஒவ்வொன்றையும் கேட்டால், பாதி "நலம்" ஆகிவிடும் என்பது என் கணிப்பு.

இனி, தகராறுக்கே காரணமான மதிப்பெண் முறை. தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30 என்பதில் எனக்கு மறுப்பில்லை. விலைக்கான விதி இப்படி இருந்தது: "குறைந்த விலைக்கு முழு மதிப்பெண், மற்றவற்றுக்கு அதற்கேற்பக் குறைத்து வழங்கப்படும்." இந்த "அதற்கேற்ப" என்ற சொல்லை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். முதலாமவர் தொழில்நுட்பத்தில் நூற்றுக்கு 90. விலை 140 அலகு. இரண்டாமவர் தொழில்நுட்பத்தில் 75. விலை 100 அலகு. தொழில்நுட்பத்தை 70 விழுக்காட்டுக்கு மாற்றினால் முதலாமவருக்கு 63, இரண்டாமவருக்கு 52.5. விலையில் இரண்டாமவருக்கு முழு 30. இதுவரை சிக்கலில்லை. முதலாமவரின் விலை மதிப்பெண்ணை விகிதமாகக் கணக்கிட்டால் 100-ஐ 140-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்க 21.43 வரும். மொத்தம் 84.43 எதிர் 82.5, முதலாமவருக்குப் பணி. விலை வித்தியாசத்தை வைத்துக் கணக்கிட்டால் அவர் விலை 40 விழுக்காடு அதிகம், ஆகவே 30-ல் 40 விழுக்காட்டைக் கழிக்க 18 வரும். மொத்தம் 81 எதிர் 82.5, இரண்டாமவருக்குப் பணி. அதே உறைகள், அதே மதிப்பீட்டுக் குழு. ஒரு சொல்லைப் படிக்கும் விதத்தில் வெற்றியாளர் மாறிவிடுகிறார். உறை திறந்து விலை தெரிந்த பிறகு எந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்தாலும் தோற்றவர் சந்தேகப்படத்தான் செய்வார். அவரைக் குறைசொல்லவும் முடியாது.

உலக வங்கியின் ஆலோசகர் தேர்வு ஆவணங்களில் விகித முறை சூத்திரமாகவே அச்சிடப்பட்டிருக்கும்:

```
Sf = 100 × Fm / F
```

Sf என்பது நூற்றுக்கான விலை மதிப்பெண், Fm என்பது மிகக் குறைந்த விலை, F என்பது மதிப்பிடப்படும் விலை. இதையே எடுத்துக்கொண்டாலும் சரி, வேறொன்றை எழுதினாலும் சரி, சூத்திரத்தோடு மேலே உள்ளதைப் போன்ற கற்பனைக் கணக்கு ஒன்றையும் ஆவணத்திலேயே போட்டுக் காட்டும்படி வேண்டுகிறேன். விலையில் வரி அடங்குமா, எத்தனை தசமத்துக்கு முழுமையாக்குவது, சமநிலை வந்தால் யார் என்பவையும் அதன் கீழே மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

தொழில்நுட்பத்தின் 100 மதிப்பெண்ணும் இப்படியே பிரிந்து தெரிய வேண்டும். "அனுபவம்: 20" என்று மட்டும் இருந்தால் ஒரு மதிப்பீட்டாளர் 12 போடுவார், பக்கத்தில் இருப்பவர் 18 போடுவார், இருவரும் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள். தைத்த பதிவேடுகளில் ஒரு லட்சம் படங்களுக்கு மேல் முடித்த பணி ஒன்றுக்கு இத்தனை, இரண்டுக்கு இத்தனை என்று படிக்கட்டாக எழுதினால், நாங்களும் எங்கள் மதிப்பெண்ணை முன்கூட்டியே ஓரளவு போட்டுப் பார்ப்போம். தேறாது என்று தெரிந்தவர் தாமே ஒதுங்கிக்கொள்வார். தங்கள் குழு படிக்க வேண்டிய கட்டும் குறையும்.

எங்கள் தள்ளுபடிக்கு வருகிறேன், சுருக்கமாகவே. தொழில்நுட்ப உறையில் விலை பற்றிய எந்தக் குறிப்பும் இருந்தால் தள்ளுபடி என்பது விதி, நியாயமான விதி. ஆனால் அதே உறையில் வைக்க வேண்டிய ஆறாம் படிவத்தில் "பணியாளர், மாதங்கள், மாதச் சம்பளம்" என்று ஒரு நெடுவரிசை இருந்தது. காலியாக விட்டால் "படிவம் முழுமையில்லை" என்று தள்ளுபடி. நிரப்பினால் விலையை வெளியிட்டதாகத் தள்ளுபடி. நாங்கள் நிரப்பினோம். வேறு ஏதோ அழைப்பிலிருந்து அந்தப் படிவம் எடுத்து ஒட்டப்பட்டது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதன் அடிக்குறிப்பில் இருந்த பணியின் பெயரே வேறு. வெளியிடும் முன், ஆவணம் எழுதுவதில் பங்கில்லாத ஓர் ஊழியரிடம் கொடுத்து, முன்மொழிபவராகப் பாவித்து எல்லாப் படிவங்களையும் ஒருமுறை நிரப்பச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் வேலை. இத்தகைய முரண்கள் அவர் கையில் தானாகச் சிக்கும். மீறியும் ஏதாவது தப்பினால், விதிப் பகுதியும் படிவமும் முரண்படும்போது எது செல்லும் என்று ஒரு வரி இருக்கட்டும்.

கெடுவுக்கும் அதே கவனம் தேவை. "14ஆம் தேதிக்குள்" என்றால் 14 சேர்த்தியா இல்லையா என்று எங்கள் அலுவலகத்தில் அரை மணி நேரம் வாதம் நடந்தது. தேதியோடு மணியும், எந்தக் கடிகாரப்படி என்பதும், பதிவேற்றத் தொடங்கிய நேரமா முடிந்த நேரமா கணக்கு என்பதும் வேண்டும். பெரிய கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே கெடு கடந்துபோவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக, சந்தேகங்களுக்கான பதில். சென்ற முறை தாள், பக்கம் பற்றி நாங்கள் எழுத்தில் கேட்டோம். எங்களுக்கு மட்டும் தொலைபேசியில் பதில் வந்தது. மற்ற மூவருக்கும் அது தெரியாது. எல்லாக் கேள்விகளையும் பதில்களையும், கேட்டவர் பெயரை நீக்கி, ஒரே நாளில் எல்லோருக்கும் வெளியிட வேண்டும். பதில் பணியின் அளவையோ மதிப்பெண்ணையோ மாற்றுமானால் அதைத் திருத்த அறிவிப்பாக வெளியிட்டு, மாற்றத்துக்கு ஏற்பக் கெடுவையும் நீட்டித்துத் தர வேண்டும்.

மறு அழைப்பின் வரைவைப் பத்து நாட்களுக்குக் கருத்துக்காக வெளியிட்டு, அதன் பிறகு இறுதி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆவணத்தில் முரண்படும் இடங்களைப் பக்க எண்ணோடு குறித்த நகல் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஆறாம் படிவம் அதில் கடைசித் தாளில் இருக்கிறது. அடிக்குறிப்பைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: குறிப்புகளுடன் கூடிய பழைய ஆவண நகல் – 1