படிவக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்: பெட்டிக்கு வெளியே விழுந்த மூன்று வரிகள்

மதிப்புக்குரிய படிவக் குழுவினருக்கு,

வணக்கம். திட்ட நிறைவு அறிக்கைக்காக நீங்கள் அனுப்பும் வேர்ட் படிவத்தைப் பற்றி இதற்கு முன்பும் பலர் எழுதியிருக்கிறார்கள் என்று அறிவேன். அதனால் பின்னணியை மறுபடி சொல்லப் போவதில்லை. 7ஆம் பிரிவில் பதில் எழுத நீங்கள் வைத்திருக்கும் உரைப்பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது நிரம்பியதும் மிச்ச வரிகளைக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரே கட்டம் கொண்ட அட்டவணையை வையுங்கள்.

போன வாரம் எங்கள் அறிக்கை திரும்பி வந்தது. 'கூடுதல் செலவுக்குக் காரணம் தரப்படவில்லை. முன் அனுமதி பெற்றதற்கான குறிப்பும் இல்லை' என்று உங்கள் பரிசீலனையாளர் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் இருந்த பிடிஎஃப் கோப்பில் 7ஆம் பிரிவின் கடைசி வரி இது: 'பயணச் செலவு திட்டமிட்டதைவிடக் கூடியது.' முற்றுப்புள்ளியோடு ஒழுங்காக முடிகிறது. அதற்குக் கீழே பெட்டியின் கோடு. படிக்கிற யாரும் அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் வேர்ட் கோப்பில் அதற்கு அடுத்த வரி 'இதற்குக் காரணம்' என்று தொடங்குகிறது. பயிற்சி நடக்கும் இடம் ஏன் மாறியது, அதற்கு உங்கள் அலுவலகமே ஒப்புதல் கொடுத்த கடிதத்தின் எண் என்ன, தேதி என்ன, எல்லாம் அதற்கடுத்த வரிகளில் வருகின்றன. எழுதியது எதுவும் அழியவில்லை. பெட்டிக்குள் கர்சரை வைத்து Ctrl+A அழுத்தி, நகல் எடுத்து வேறொரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினால் ஒன்பது வரியும் அப்படியே வந்து நிற்கும். Word Count சாளரத்தில் Include textboxes, footnotes and endnotes என்ற கட்டத்தில் குறி இருந்தால், மறைந்த சொற்களும் சேர்த்தே எண்ணப்படும். எண்ணுகிற மென்பொருள் அச்சில் மட்டும் அவற்றைக் காட்டாது. பிடிஎஃப் ஆக்கும்போதும் பெட்டிக்குள் தெரிகிறதுதான் போய்ச் சேரும்.

இது ஏன் நடக்கிறது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. உங்கள் பெட்டியின் உயரம் 4 செ.மீ. அது ஏறத்தாழ 113 பாயிண்ட். பெட்டியின் மேலும் கீழும் வேர்ட் தானாக விடும் உள் இடைவெளி தலைக்கு 0.05 அங்குலம், இரண்டும் சேர்த்து 7 பாயிண்ட் போய்விடும். மிச்சம் 106. நாங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துருவில், நீங்கள் கேட்ட 12 அளவில், ஒரு வரிக்கு ஏறத்தாழ 17 பாயிண்ட் உயரம் வேண்டும். வகுத்துப் பாருங்கள், ஆறு வரிதான் கொள்ளும். ஏழாவது வரியிலிருந்து எழுதுகிறவர் இருட்டில் எழுதுகிறார். கர்சர் கீழே போய் மறைந்துவிடும், தட்டச்சு மட்டும் நடந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆங்கில எழுத்துருக்கள் பலவற்றில் வரியின் உயரம் இதைவிடக் குறைவு. படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிச் சோதித்திருந்தால் ஒரு வரி கூடவே கொண்டிருக்கும், குறை கண்ணில் பட்டிருக்காது. அப்படித்தான் சோதித்தீர்களா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இதே ஒன்பது வரியை அட்டவணைக் கட்டத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். ஒரு நிரை, ஒரு நிரல், சுற்றிலும் கோடு. Table Properties சாளரத்தில் Row பக்கத்துக்குப் போய், Specify height என்பதில் குறியிட்டு 4 செ.மீ. என்று கொடுத்து, அதன் பக்கத்தில் At least என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலியாக இருக்கும்போது அது உங்கள் பெட்டி மாதிரியே 4 செ.மீ. உயரத்தில் அழகாக நிற்கும். ஒன்பது வரி எழுதினால் 153 பாயிண்ட், அதாவது கிட்டத்தட்ட 5.4 செ.மீ. உயரத்துக்குத் தானே வளரும். 8ஆம் பிரிவு 1.4 செ.மீ. கீழே இறங்கும். ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. பக்கம் முடிந்துபோனால், அதே இடத்தில் இருக்கும் Allow row to break across pages என்பதில் குறி இருக்கும் வரை, மிச்ச வரிகள் அடுத்த பக்கத்தில் தொடரும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. At least என்பதற்குப் பதிலாக Exactly என்று வைத்தால் அட்டவணையும் பெட்டியைப் போலவே வெட்டும். அட்டவணை என்ற பெயருக்காகவே எல்லாம் சரியாகிவிடாது. உயரத்தைக் கீழ் வரம்பாக வைக்கிறோமா, பூட்டி வைக்கிறோமா என்பதில்தான் இருக்கிறது. படிவம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று யாராவது Exactly போட்டுவிட்டால், இந்த மடலை நான் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

'பெட்டியையே வளரும்படி வைக்கலாமே' என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். வைக்கலாம். பெட்டியின் ஓரத்தில் வலச்சொடுக்கி, Format Shape போய், Layout & Properties கீழே Text Box பகுதியில் Resize shape to fit text என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி வளரும். ஆனால் உங்கள் படிவத்தில் பெட்டிகள் எல்லாம் In Front of Text என்ற அமைப்பில் பக்கத்தின் மேல் மிதக்கின்றன. 7ஆம் பெட்டி வளர்ந்தால் 8ஆம் பிரிவின் தலைப்பு கீழே நகராது, அதன் அடியில் மறைந்துவிடும். ஒரு மறைப்புக்குப் பதில் இன்னொரு மறைப்பு. அதோடு பெட்டி அடுத்த பக்கத்துக்கு உடைந்து போகாது. பக்கத்தின் அடியைத் தொட்டதும் அதன் வளர்ச்சி முடிந்தது. அதற்கு மேல் எழுதியது பழையபடி காணாமல் போகும். இன்னொரு காலிப் பெட்டி வரைந்து Create Link மூலம் இரண்டையும் இணைக்கலாம். அந்த இரண்டாவது பெட்டிக்கும் அளவு உண்டே, அது நிரம்பினால்?

இதையெல்லாம் நாங்களே சரிசெய்துகொள்ளலாம் என்றால், படிவத்தின் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்: 'படிவத்தின் அமைப்பை மாற்றக் கூடாது. மாற்றினால் அறிக்கை நிராகரிக்கப்படும்.' ஆக, பெட்டியைப் பெரிதாக்கினால் அமைப்பை மாற்றியதற்காக நிராகரிப்பு. பெரிதாக்காவிட்டால் காரணம் சொல்லாததற்காகத் திருப்பி அனுப்பல். இரண்டில் எதை விரும்புகிறீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் அதன்படி நடந்துகொள்கிறோம்.

உதவி எண்ணில் பேசியபோது கிடைத்த அறிவுரையையும் இங்கே பதிவு செய்கிறேன். 'எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். 8 அளவில் தமிழை அச்செடுத்துப் பாருங்கள், கி எது கீ எது என்று தெரிய உருப்பெருக்கி வேண்டும். அப்புறம் 'வரி இடைவெளியை Exactly 12 என்று வையுங்கள், நிறைய வரி அடங்கும்' என்றார்கள். அடங்கும்தான். 17 பாயிண்ட் கேட்கிற எழுத்துக்கு 12 கொடுத்தால் கீ-யின் தலையில் இருக்கும் சுழி பறிபோகும். மேல் வரியில் தொங்கும் ழு, மூ போன்றவற்றின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கும். வரி காணாமல் போவதற்குப் பதில் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் காணாமல் போகும். உதவ வந்தவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார், அவர் கையில் வேறு வழி எதுவும் கொடுக்கப்படவில்லை.

வேறு சில மென்பொருள்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். இன்டிசைனில் சட்டத்துக்குள் எழுத்து அடங்காவிட்டால் ஓரத்தில் சிவப்பில் ஒரு கூட்டல் குறி வந்து நிற்கும். பவர்பாயின்ட்டில் தானாகப் பொருந்தும் வசதியை நிறுத்திவிட்டால் எழுத்து பெட்டியைத் தாண்டி வெளியே வழியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வழிவது கண்ணுக்குத் தெரியும், சரிசெய்துவிடலாம். வேர்ட் பெட்டி மட்டும் சத்தமில்லாமல் விழுங்குகிறது. அந்தக் குணத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். அப்படிப்பட்ட பெட்டியில் நாலு பக்கப் படிவத்தை முழுக்கக் கட்டியது உங்கள் முடிவுதானே?

பதில் நீளமாகப் போகக் கூடாது என்பதற்காகவே பெட்டியை அளவோடு வைத்தோம் என்றால், அது நியாயமான நோக்கம். அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். '100 சொற்களுக்குள்' என்று தலைப்பின் கீழே எழுதினால் போதும், எண்ணி எழுதிக்கொள்வோம். பெட்டியின் உயரத்தால் நீளத்தைக் கட்டுப்படுத்த முடியாது. எங்கள் கணினியில் ஆறு வரி கொண்ட பெட்டி, அதே எழுத்துரு இல்லாத உங்கள் கணினியில் வேறு எழுத்துருவோடு திறக்கும்போது ஐந்தே வரி கொள்ளலாம். அப்போது கடைசி வரி உங்கள் மேசையில்தான் காணாமல் போகும், அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

சூடாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். படிவத்தில் பதில் எழுத வேண்டிய பெட்டிகள் அனைத்தையும் ஒரே கட்ட அட்டவணைகளாக மாற்றுங்கள். உயரம் At least என்றும், பக்கம் தாண்ட அனுமதி உண்டு என்றும் இருக்கட்டும். பெட்டியை அட்டவணையாக மாற்ற வேர்டில் நேரடிப் பொத்தான் கிடையாது. ஒவ்வொன்றாக அழித்து அட்டவணையைச் செருக வேண்டும். பதினொரு பெட்டிகள் இருக்கின்றன, ஒருவர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. மாற்றிய பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் இருபது வரித் தமிழை ஒட்டி, பிடிஎஃப் எடுத்து, இருபதாவது வரி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வெளியிடுங்கள்.

முகப்புப் பக்கத்தில் உங்கள் சின்னத்தின் பக்கத்தில் இருக்கும் அலங்காரப் பெட்டி அப்படியே இருக்கட்டும். அதில் யாரும் எதுவும் எழுதப் போவதில்லை.

புதுப் படிவம் வரும் வரை, பிடிஎஃப் கோப்போடு வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்ப அனுமதி தாருங்கள். 'விவரம் இல்லை' என்று எழுதுவதற்கு முன் வேர்ட் கோப்பில் அந்தப் பெட்டிக்குள் Ctrl+A அழுத்தி, நகல் எடுத்து ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்க்கும்படி பரிசீலனையாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் அறிக்கையின் 7ஆம் பிரிவைத் தனித்தாளில் முழுமையாக அச்செடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒப்புதல் கடிதத்தின் எண் எட்டாவது வரியில் இருக்கிறது.

நன்றியுடன்,
ஒரு சிறு அமைப்பின் அறிக்கைகளை எழுதிவரும் பணியாளர்