‘அனைவருக்கும் நன்றி’ என்ற வரியைப் பற்றி: நூல் மின்னாக்கக் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ் நூல்களை வருடி, எழுத்துணரி மென்பொருளால் உரையாக்கி, தன்னார்வலர்களைக் கொண்டு மெய்ப்புப் பார்த்து இணையத்தில் ஏற்றும் பணியை நீங்கள் நடத்திவருகிறீர்கள். அந்தப் பணியில் சில ஆண்டுகளாக மெய்ப்புப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு நூல் நிறைவடையும்போதும் நீங்கள் எழுதும் நன்றிக் குறிப்பைப் பற்றி மட்டுமே இம்மடலில் பேச விரும்புகிறேன். ‘இந்நூல் உருவாக உழைத்த அனைத்துத் தன்னார்வலர்களுக்கும் மனமார்ந்த நன்றி’ என்று பெரும்பாலும் ஒரே வரியில் அது முடிந்துவிடுகிறது. அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதிவைத்துவிடக்கூடிய வரி அது. நூலைத் திறந்தே பாராத ஒருவரும் அதை எழுதிவிடலாம். உழைத்தவருக்கு அது போய்ச் சேராததற்கு முதற்காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பங்கெடுத்த ஒரு நூலையே எடுத்துக்கொள்கிறேன். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அச்சான, நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்களும் உரையும் கொண்ட சிறிய நூல் அது. குழுவின் பெயரையும் நூலின் பெயரையும் சொல்லப்போவதில்லை. குறை அக்குழுவுக்கு மட்டும் உரியதன்று. என்னைத் தவிர வேலை செய்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் செய்தது எனக்கு நேரடியாகத் தெரியும்.

ஒருவர் வருடப்பட்ட படங்களைப் புரட்டும்போது 56ஆம் பக்கத்தை அடுத்து 59 வந்திருப்பதைக் கண்டார். மூலப் படியிலேயே அந்த ஏடு கிழிந்து போயிருந்தது. அவர் வேறு ஊரில், தெரிந்தவர் ஒருவரின் வீட்டு அலமாரியில் இருந்த இன்னொரு படியைத் தேடிச் சென்று, அந்த இரண்டு பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். மெய்ப்புப் பார்த்த பக்கங்களின் கணக்கில் அவர் பெயருக்கு நேரே இருந்தது சுழியம். அவர் இல்லாவிட்டால் நான்கு வெண்பாக்கள் இன்று இணையத்தில் இருந்திரா.

இன்னொருவர் பாட்டெண்களைத் திருத்தினார். அந்நூலில் எண்கள் தமிழ் எண்களாக இருந்தன. அச்சில் ௧ என்ற எண்ணுக்கும் க என்ற எழுத்துக்கும் கண்ணுக்கு வேறுபாடு கிடையாது. ௭-க்கும் எ-வுக்கும், ௮-க்கும் அ-வுக்கும் அப்படியே. எழுத்துணரி ‘௧௭’ என்பதைக் ‘கஎ’ என்று தந்துவிடும். திரையில் படிப்பவருக்குப் பிழை தெரியாது. ஆனால் 17ஆம் பாட்டை எண்ணைக் கொண்டு தேடுகிறவருக்கு அது அகப்படவே அகப்படாது. இதைக் கண்டுபிடித்ததோடு நில்லாமல் நூல் முழுவதும் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து மாற்றினார். வேலை முடிந்தபின் பக்கம் முன்பு இருந்ததைப் போலவேதான் தோன்றியது. நன்றாகச் செய்யச் செய்ய கண்ணுக்குத் தெரியாமல் போகிற வேலை அது.

மூன்றாமவர் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினார். பழைய அச்சுகளில் ரகரமும் துணைக்காலும் ஏறக்குறைய ஒரே வடிவம். எழுத்துணரி ஒரு பாட்டில் ‘பாவை’ என்று தந்திருந்தது. பொருளும் ஒருவாறு ஒத்து வந்ததால் முதல் மெய்ப்பில் நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். இவரோ அலகிட்டுப் பார்த்தார். முந்தைய சீர் மாச்சீர். வெண்பாவில் மாவுக்கு முன் நிரையசை வரவேண்டும். ‘பாவை’ என்றால் நேரசை வந்து தளை தட்டுகிறது. ‘பரவை’ என்று இருந்தால் சரியாகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அது ரகரமே என்பது உறுதியாயிற்று. கடலைப் பற்றிய பாட்டு பெண்ணைப் பற்றியதாக மாறியிருக்கும்.

இந்த மூன்று வேலைகளும் ‘அனைத்துத் தன்னார்வலர்களுக்கும்’ என்ற தொடருக்குள் போனபின் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. எண்களைத் திருத்தியவர் அடுத்த நூலுக்கு வரவில்லை. நான் காரணம் கேட்டபோது அவர் மனத்தாங்கலாக எதையும் சொல்லவில்லை. ‘அந்த எண் விஷயம் தேவைப்பட்டதா என்றே தெரியவில்லை சார், யாரும் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று மட்டும் சொன்னார். பாராட்டு கிடைக்கவில்லை என்பதைக் காட்டிலும், தான் செய்தது பயன்பட்டதா, வீண்வேலையா என்பதே தெரியாமல் போனதுதான் அவரைத் தடுத்தது. சம்பளம் வாங்குகிறவருக்கு மாதக் கடைசியில் ஏதோ ஒரு பதில் வந்துவிடுகிறது. தன்னார்வலருக்கு நன்றிக் குறிப்பு ஒன்றுதான் பதில்.

இதற்கு மாறாக, சீரைத் திருத்தியவரைப் பற்றி நான் குழுவின் உரையாடலில் இரண்டு வரி எழுதினேன். எந்தப் பக்கம், எந்தச் சொல், அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை மட்டுமே சொன்னேன். ‘அருமை’, ‘அபாரம்’ போன்ற சொற்களைச் சேர்க்கவில்லை. அடுத்த வாரத்திலேயே வேறு இருவர் தங்கள் பக்கங்களில் தளை தட்டும் இடங்களைக் குறித்து அனுப்பத் தொடங்கினர். அதற்குமுன் மெய்ப்பு என்றால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். குறிப்பிட்டுச் சொன்ன நன்றி, பெற்றவருக்கு ஒரு சான்றாகவும் மற்றவர்களுக்கு ஒரு பாடமாகவும் ஒரே நேரத்தில் அமைந்துவிட்டது. யாப்பில் ஐயம் வந்தால் யாரைக் கேட்கலாம் என்பதும் அன்றுதான் குழுவுக்குத் தெரிந்தது.

இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில், ஒப்பிட்டுப் பார்க்க ஏட்டுப் பிரதிகளைத் தந்து உதவியவர்களைப் பிரதியோடு சேர்த்துக் குறிப்பிடுவது வழக்கம். 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களிலும் தொடக்கத்திலேயே தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று தனித்தனியே குறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு குறிப்பதில் நன்றியோடு பொறுப்பும் கலந்திருக்கிறது: பின்னால் ஓர் ஐயம் எழுந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்ல வழி கிடைக்கிறது.

நடைமுறையில் இதைச் செய்யத் தடையாக இருப்பது மனமின்மை அன்று, மறதிதான் என்பதை நான் அறிவேன். நூல் முடிய ஆறு மாதம் ஆகிறது. முடிந்த நாளில் யார் எதைச் செய்தார் என்று உட்கார்ந்து யோசித்தால் பெயர்கள் மட்டுமே நினைவுக்கு வரும். ஆகவே வேலை நடக்கும்போதே குறித்துவைக்க வேண்டும். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு விரிதாளில் யார், எந்தப் பக்கம், என்ன கவனித்தார் என மூன்று நெடுவரிசைகள் போதும். விக்கிமூலத்தில் பணியாற்றும் குழுக்களுக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. அங்கே ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகிறது. இன்னொருவர் சரிபார்த்த பின்னரே பச்சையாகிறது. இருவரும் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பக்க வரலாற்றில் நிற்கின்றன. ஆனால் வரலாறு மாற்றத்தைக் காட்டுமே தவிர அதன் காரணத்தைக் காட்டாது. ‘பாவை’ ‘பரவை’ ஆனதை அது சொல்லும். அலகிட்டுப் பார்த்ததைச் சொல்லாது. கிழிந்த ஏட்டைத் தேடிப்போனதையோ அதில் காணவே முடியாது. அதனால் குறிப்பு எழுதுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ‘இந்த நூலில் உங்களுக்கு அதிக நேரம் எடுத்த இடம் எது?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை, வெளியில் தெரியாத வேலைகள் பெரும்பாலும் அந்த விடையில்தான் வெளிவருகின்றன.

இம்முறையிலும் இடறுவதற்கு இடங்கள் உண்டு. முதலாவது, எண்ணிக்கை. குறிப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றதும் ‘210 பக்கங்கள் பார்த்தவருக்கு நன்றி’ என்று எழுதத் தோன்றும். எளிதில் கிடைக்கும் தகவல் அதுதான். அப்படி எழுதிய ஒரு குழுவில், அடுத்த நூலில் பக்கங்கள் மளமளவென்று மஞ்சளானதைப் பார்த்தேன். திறந்து பார்த்தால் எழுத்துணரி தந்த பிழைகள் அப்படியே இருந்தன. எதைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறோமோ அதுவே பெருகும். எண்ணிக்கையைச் சொன்னால் எண்ணிக்கைதான் பெருகும். ஆகவே பக்கங்களின் தொகையை விட்டுவிட்டு, ஒரு பக்கத்தில் அவர் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள்.

அடுத்தது, விடுபடுதல். ‘அனைவருக்கும்’ என்று சொல்லும்போது யாரும் விடுபடுவதில்லை என்பது அந்த வரியின் ஒரே வலிமை. அதை நான் மறுக்கவில்லை. நால்வரைப் பெயர் சொல்லி ஐந்தாமவரை விட்டால் அவருக்கு ஏற்படும் வருத்தம், பொதுவான வரியால் ஐவருக்கும் ஏற்பட்ட வருத்தத்தைவிடப் பெரிது. எனவே குறிப்பின் வரைவை வெளியிடுவதற்கு ஓரிரு நாள் முன்பே குழுவில் வைத்து, ‘விடுபட்டது ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுகிறவர்கள்கூட மற்றவர் செய்ததைத் தயங்காமல் எடுத்துச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கானோர் ஈடுபடும் பெரிய திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுத முடியாது என்பதும் உண்மைதான். அங்கே நூல் வாரியாகப் பிரித்து, அந்தந்த நூலின் பொறுப்பாளர் எழுதினால் போதும். தலைமையிலிருந்து ஒருவர் எழுதும் குறிப்பு எப்படியும் பொதுவானதாகத்தான் முடியும்.

பெயர் வெளிவருவதை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயனர் பெயர் போதும். அதுவும் வேண்டாம் என்றால் வேலையை மட்டும் குறிப்பிட்டுப் பெயரை விட்டுவிடலாம். எண்களைத் திருத்தியவர் ஒருவேளை அப்படித்தான் கேட்டிருப்பார். ‘பாட்டெண்கள் அனைத்தையும் எழுத்திலிருந்து எண்ணாக மாற்றித் தந்த அன்பருக்கு’ என்ற வரியைப் படித்ததும், அது தம்மைத்தான் குறிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நூலின் நன்றிக் குறிப்பு இன்றும் பழைய ஒரு வரியோடுதான் இருக்கிறது. அதைத் திருத்த நீங்கள் இசைந்தால், மூவரைப் பற்றிய வரிகளை நான் மேலே எழுதிவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இருவரில் ஒருவர் உரைப்பகுதிகளைப் பார்த்தார், இன்னொருவர் வடிவமைப்பைக் கவனித்தார் என்பதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அவர்களோடு அதே நூலில் ஆறு மாதம் வேலை செய்தவன் நான். அவர்களிடம் நீங்கள்தான் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்பாளர்களில் ஒருவன்