செருப்பு மாற்றிய படத்தில் கால் ஏன் மிதக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமணப் படங்களில் காலணி மாற்றுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஃபோட்டோஷாப்பில் புதுச் செருப்பை வெட்டி ஒட்டியதும் Drop Shadow போட்டால் வேலை முடிந்தது என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியை மறுக்கவே இந்தக் கடிதம். Drop Shadow செருப்பின் வெளிக்கோட்டை அப்படியே நகலெடுத்து, பக்கவாட்டிலோ கீழோ தள்ளி வைக்கிறது. பின்னால் இருக்கும் சுவரில் விழும் நிழலுக்கு அது பொருந்தும். தரையோ காலடியிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்து போகும் பரப்பு. அதில் நிழல் அடிப்பாகம் தொடும் இடத்தில்தான் பிறக்க வேண்டும். தள்ளி வைத்த நகலில் அந்தத் தொடுகோடே இல்லாததால் மாப்பிள்ளை தரைக்கு மேலே நிற்பதுபோல் தெரிகிறார்.

நம் ஆல்பம் வேலையில் அடிக்கடி வருவது, பட்டு வேட்டியோடு ரப்பர் செருப்பில் நின்றுவிட்ட மாப்பிள்ளைக்குத் தோல் செருப்பு மாட்டுவது. அதையே எடுத்துக்கொள்வோம். கேமரா இடுப்பளவில், அதாவது 1 மீட்டர் உயரத்தில், 4 மீட்டர் தள்ளி இருந்தது என்று வைத்துக்கொண்டால், அது பாதத்தை ஏறக்குறைய 14 டிகிரி சாய்வில் பார்க்கிறது. புதுச் செருப்பையும் அதே உயரம், அதே தொலைவு, அதே லென்ஸ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நின்றுகொண்டு மொபைலில் குனிந்து எடுத்தால் சாய்வு 45 டிகிரி ஆகிவிடும். செருப்பின் மேல்தளம் முழுக்கத் தெரியும், அடிப்பாகத்தின் பக்கம் ஒடுங்கிவிடும். Warp வைத்து எவ்வளவு இழுத்தாலும் அது சரியாகாது. கடைப் படங்களும் பெரும்பாலும் இதனால்தான் ஒத்துவருவதில்லை. விரல் தெரியும் செருப்பு என்பதால் ஏறக்குறைய அதே அளவு பாதமுள்ள ஒருவரை அதை அணிந்து நிற்கச் சொல்லி எடுப்பது நல்லது. வார் அழுத்தும் இடத்தில் தோலில் விழும் மெல்லிய நிழலும் அப்போது கூடவே கிடைக்கும். வாரையும் அடிப்பாகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விரல்களை மாப்பிள்ளையுடையதாகவே விட்டுவிடலாம்.

அடுத்து அடிப்பாகத்தின் தடிமன். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் படத்தில் 5100 பிக்சல் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். ரப்பர் செருப்பின் குதிகால் பக்கம் 15 மில்லிமீட்டர், தோல் செருப்பு 8 மில்லிமீட்டர் என்றால் வித்தியாசம் 7 மில்லிமீட்டர், அதாவது சுமார் 20 பிக்சல். பாதம் இருந்த இடத்திலேயே இருக்க, அடிக்கோடு மட்டும் 20 பிக்சல் மேலே ஏறிவிடும். பழைய நிழல் பழைய இடத்திலேயே கிடக்கும். நடுவில் தெரியும் அந்த வெளிச்சக் கீற்றுதான் மிதப்பது போன்ற தோற்றத்தைத் தருகிறது. நிழலை எவ்வளவு கறுப்பாக்கினாலும் கீற்று இருக்கும்வரை அது போகாது.

ஆகவே முதலில் பழைய செருப்பையும் அதை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குள் இருக்கும் நிழலையும் ஒரு காலி லேயரில் Clone Stamp கொண்டு தரையாக்கிவிட வேண்டும். Sample என்ற இடத்தில் Current & Below இருக்கட்டும். உடம்பும் வேட்டியும் தரையில் வீசும் நீண்ட நிழலைத் தொடக் கூடாது. அது உண்மையான நிழல், அதை விடச் சிறப்பாக வரைய முடியாது. இரண்டு கால்களும் ஒரே அளவு மேலேறினால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் டைல்ஸ் கோடோ படி விளிம்போ இருந்தால் தெரிந்துவிடும். அப்போது பாதத்தையும் சேர்த்து 20 பிக்சல் கீழே இறக்குங்கள். கணுக்காலின் ஒட்டு வேட்டிக் கரைக்குள் மறைந்துவிடும்.

இதே கணக்கு மறுபக்கமும் ஓடும். 5 சென்டிமீட்டர் தடிமன் கூடினால் அடிக்கோடு 150 பிக்சல் கீழே போகும். இந்தச் சாய்வில் ஆள் கேமராவை நோக்கி 20 சென்டிமீட்டர் முன்னே வந்ததாக அதற்குப் பொருள். ஹீல்ஸ் போட்டால் முழங்காலும் கணுக்காலும் நிற்கும் விதமே வேறு. தட்டைச் செருப்பில் நின்ற மணமகளுக்கு ஹீல்ஸ் மாட்டித் தரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதே நேர்மை.

இனி நிழல். அதில் மூன்று பகுதிகள் உண்டு. மூன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், வரிசையும் முக்கியம். முதலாவது தொடுகோடு. விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அடிப்பாகமும் தரையும் சேரும் இடத்தில் வெளிச்சம் நுழையாது. அங்கே 4 முதல் 6 பிக்சல் அகலத்தில் படத்திலேயே மிக அடர்ந்த கோடு வரும். ஆனால் அது அடி முழுவதும் ஒரே சீராக ஓடாது. குதிகாலிலும் முன்பாதத்திலும் அழுத்தமாக இருக்கும். விரல் நுனியில் செருப்பு சற்று மேலே வளைவதால் அங்கே கோடு அகன்று மங்கும். எடையைத் தாங்காத காலில் கோடு இன்னும் மெலியும். சுற்றிலும் ஒரே கனத்தில் கோடு போட்டால் செருப்புக்கு மை பூசியதுபோல் இருக்கும்.

இரண்டாவது, அந்தக் கோட்டைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குப் பரவி மறையும் மென்கருமை. 40 முதல் 60 பிக்சல் மென்மையான பிரஷ், முப்பது நாற்பது சதவீத அடர்த்தி போதும். வேட்டிக் கரை பாதத்தின் மேல் வீசும் நிழலையும் இப்போதே புதுச் செருப்பின் வார் மீது போட்டுவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மூன்றாவதுதான் விளக்கின் திசையில் விழும் நிழல். செருப்பு உருவத்தை நிரப்பி, Distort வைத்துத் தரையில் சாய்த்து, தொடுகோட்டிலிருந்து தொடங்கும்படி வைக்க வேண்டும். இதன் மென்மை விளக்கின் அளவைப் பொறுத்தது. வெயிலில் 2 சென்டிமீட்டர் உயர விளிம்பின் நிழல் ஏறக்குறைய கூர்மையாகவே விழும். 2 மீட்டர் தள்ளி வைத்த 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸில் அதே விளிம்பின் நிழல் ஒரு சென்டிமீட்டருக்கு, அதாவது 30 பிக்சலுக்குக் குறையாமல் கரையும். வானம் மூடிய நாளில் மூன்றாவது நிழலே வேண்டாம், முதல் இரண்டோடு நிறுத்துங்கள்.

கறுப்பைக் குழைத்துப் பூசுவதைவிட Curves லேயரை மாஸ்க்கோடு போடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. தரையின் புள்ளிகளும் கீறல்களும் நிழலுக்குள்ளும் தெரியும். பக்கத்தில் நிற்பவரின் காலடி நிழலை Info பலகையில் அளந்து, மூன்று வண்ண எண்களும் அதற்கு ஒத்துவரும்வரை இறக்குங்கள். திறந்தவெளி வெயிலில் நிழல் சற்று நீலம் சாயும், சிவப்புத் தரை மண்டபத்தில் பழுப்பாக இருக்கும். தொடுகோட்டை 0 வரை கொண்டுபோனால் ஆல்பம் பிரிண்டில் அந்த இடம் கட்டியாகிவிடும், 15 அல்லது 20-இல் நிறுத்துவது நல்லது.

மண்டபத்து கிரானைட் தரையாக இருந்தால் பழைய ரப்பர் செருப்பின் பிரதிபலிப்பையும் தேடி அழிக்க வேண்டும். மேலே தோல் செருப்பு, கீழே நீல வார் தெரியும் படங்கள் அச்சாகி வந்திருக்கின்றன. புதிய பிரதிபலிப்பு தொடுகோட்டில் தொடங்கி மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள் மறைந்துவிடட்டும். புல்தரையில் தொடுகோடே கிடையாது. அங்கே புல்நுனிகள் அடிப்பாகத்தை மறைக்கும்படி மாஸ்க்கைக் கிழிக்க வேண்டும்.

முடிந்ததும் மேலே தற்காலிகமாக ஒரு கடும் Curves போட்டு, படத்தை 25 சதவீத அளவில் பாருங்கள். ஒட்டின் விளிம்பு, விட்டுப்போன பழைய நிழல், நகர்ந்த கீற்று மூன்றும் அதில் மறைய முடியாது.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர் ஒருவர்,
ஈரோடு.