‘Call on’ என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால்: நீதிமன்றப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட, சார்பு, உரிமையியல் நீதிமன்றங்களில் அன்றாட வழக்கு நடவடிக்கைகளைக் கணினியில் பதியும் பணியாளர்களுக்கும், அப்பணியை மேற்பார்வையிடும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். நான் ஒரு தாலுகா தலைநகரில், நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே சிறிய கணினி மையம் நடத்தி வருகிறேன். பட்டா நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, “நம்ம கேஸு எப்ப வாய்தான்னு பார்த்துச் சொல்லுப்பா” என்பதுதான். நீங்கள் மாலையில் தட்டச்சு செய்யும் ஒற்றை வரியை மறுநாள் காலையில் வழக்காடிகளுக்குப் படித்துச் சொல்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

services.ecourts.gov.in தளத்தில் ஒரு வழக்கைத் தேடி எடுப்பது கடினமன்று. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க CNR எண் கையில் இருந்தால் போதும். அதன் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். அந்த எண் இல்லாதவர்களுக்கு அசல் வழக்கு எண்ணையும் ஆண்டையும் கொண்டோ, கட்சிக்காரரின் பெயரைக் கொண்டோ தேடுகிறோம். பெயரை ஆங்கிலத்தில் எப்படிப் பதிந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்க வேண்டியிருப்பதால், பெயர்வழித் தேடலில் சில வேளை அரை மணி நேரம் போய்விடும்.

சிக்கல் வழக்கின் பக்கம் திறந்த பிறகே தொடங்குகிறது. வருபவர்களின் கண் ‘Next Hearing Date’ என்ற வரியில் உள்ள தேதியோடு நின்றுவிடுகிறது. அதைத் துண்டுத் தாளில் குறித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் படிக்க வேண்டியது அதற்கும் கீழே, வழக்கின் முந்தைய வாய்தாக்கள் வரிசையாக உள்ள அட்டவணையை. அதில் ‘Business on Date’ என்ற பத்தியில் உள்ள தேதியைத் தொட்டால், அன்றைக்கு நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் பதிந்த குறிப்பு திறக்கும். தேதி எப்போது என்பதைப் பக்கத்தின் மேற்பகுதி சொல்கிறது. அது ஏன் தள்ளிப்போயிற்று, அடுத்த முறை யார் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் குறிப்பு மட்டுமே சொல்ல முடியும்.

அந்தக் குறிப்பு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கைச் சொல்கிறேன். வாதி ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா. பிரதிவாதிகள் அவருடைய மூன்று சகோதரர்கள். 2023 மார்ச் 14 அன்று பதியப்பட்ட குறிப்பு, முதல் இருவருக்கும் சம்மன் சார்வாகிவிட்டது, மூன்றாமவருக்குச் சார்வாகவில்லை, ‘Fresh steps. Call on 25.04.2023’ என்றிருந்தது. ஏப்ரலில் ‘Steps not taken’. இடையில் மே மாத விடுமுறை. ஜூன் 13-இல் மீண்டும் அதே சொற்கள். ஜூலை 11-இல் ‘Finally’ என்ற ஒரே சொல், அடுத்த தேதியுடன்.

இந்த நான்கு தேதிகளையும் அந்த அம்மா வெவ்வேறு நாட்களில் என் கடைக்கு வந்து குறித்துக்கொண்டு போனவர்தான். ‘Steps’ என்பது வேறொன்றுமில்லை: வெளியூரில் இருக்கும் மூன்றாவது சகோதரரின் சரியான முகவரியைக் கொடுத்து, மீண்டும் சம்மன் அனுப்புவதற்கான கட்டணமாகிய பேட்டாவைக் கட்ட வேண்டும். கட்ட வேண்டியவர் வாதி. அதை நானும் அன்று அறிந்திருக்கவில்லை. ‘நடவடிக்கை’ என்று மொழிபெயர்த்துச் சொன்னேன், நீதிமன்றம் ஏதோ நடவடிக்கை எடுக்கிறது என்று அவர் புரிந்துகொண்டார். அவருடைய வழக்கறிஞர் உடல்நலம் குன்றியிருந்தார், குமாஸ்தாவும் மாறியிருந்தார். ஆகஸ்ட் 8-இல் வாதி தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியானது. அவர் மறுபடி என்னிடம் வந்தது ஆகஸ்ட் 31 அன்று. பக்கத்தில் அடுத்த வாய்தாத் தேதியே இல்லை. அந்த இடத்தில் ‘Case disposed’ என்றும், முடிவின் தன்மை ‘Dismissed for default’ என்றும் இருந்தன.

இவ்வாறு தள்ளுபடியான வழக்கை மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரும் மனுவுக்குக் காலவரையறைச் சட்ட அட்டவணையின் 122-ஆவது உறுப்பின்படி 30 நாட்களே அவகாசம். அதைத் தாண்டினால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் காட்டித் தனியாக ஒரு மனு வேண்டும். ஒரு வார அவகாசம் மீதமிருந்ததால் செப்டம்பர் 4-இல் மனு தாக்கலாகிவிட்டது. அதில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், உத்தரவாகி, வழக்கு பழைய எண்ணில் மீண்டும் வர எட்டு மாதங்கள் ஆயின. பேட்டாத் தொகையோ மிகச் சிறியது.

இன்னொரு வகைக் குறிப்பு, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது, இன்ன தேதியில் மீண்டும் அழைக்கப்படும் என்று மட்டும் சொல்லும் ‘Adjourned. Call on’ என்பதோடு முடிந்துவிடுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17, விதி 1, வாய்தா கொடுப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது. வழக்கு விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்றும் சொல்கிறது. தங்கள் வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது என்பதும் அதே கட்டளையில் இருக்கிறது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் இந்த வரம்பு செல்லும் என்று ஏற்றுக்கொண்டு, தரப்பினரின் கைமீறிய சூழ்நிலைகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்றும் விளக்கியது. ஆனால் நீதிபதி விடுப்பில் இருந்ததால் தள்ளிய தேதியும், பிரதிவாதி கேட்டு வாங்கிய தேதியும் திரையில் ஒரே மாதிரித் தெரியும்போது, மூன்று என்று யார், எதை எண்ணுவது? பத்து வாய்தாக்களில் ஏழு நீதிபதி இடம் காலியாக இருந்ததால் போனவை என்றால், எதிர்த்தரப்பின் மீது கோபப்பட்டுப் பயனில்லை. ஏழும் குறுக்கு விசாரணைக்கு அவகாசம் கேட்டுப் போனவை என்றால், செலவுத்தொகை விதிக்கக் கோரும்படி தம் வழக்கறிஞரிடம் சொல்லலாம். இரண்டில் எது என்று தெரியாதவர், என் கடையில் உட்கார்ந்து நீதிமன்றத்தையே ஏசிவிட்டுப் போகிறார்.

ஒரு நாளில் உங்கள் மேசைக்கு எத்தனைக் கட்டுகள் வருகின்றன என்பதை எதிரில் இருந்து பார்க்கிறவன் நான். சில நாட்களில் பதிவு ஏறாமல், கடந்துபோன தேதியே அடுத்த தேதியாக நிற்பதற்கும் அதுவே காரணம் என்பது தெரியும். அப்போதெல்லாம் வந்தவரைத் திரையை நம்பாமல் வழக்கறிஞரிடமோ உங்கள் அலுவலகத்திலோ கேட்கச் சொல்லி அனுப்புகிறேன். ஆகவே நீண்ட குறிப்புகளைக் கேட்கவில்லை. ‘Adjourned’ என்பதற்குப் பதிலாக, “பிரதிவாதி கோரிக்கை, வழக்கறிஞர் உடல்நலக் குறைவு, இரண்டாவது முறை” என்று எழுதலாம். ‘Steps’ என்பதற்குப் பதிலாக, “3-ஆம் பிரதிவாதிக்கு வாதி பேட்டா கட்ட வேண்டும்” என்று எழுதலாம். ‘Finally’ என்று எழுதும் நாளில் மட்டுமாவது, “இறுதி வாய்ப்பு, தவறினால் தள்ளுபடி” என்று தமிழில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். சாட்சியைத் தமிழில் பதியும் நீதிமன்றத்துக்கு அந்த ஒரு வரி அந்நியமாக இராது.

அவ்வரி ஏறும் வரை, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இச்சொற்களின் பொருளை எழுதி வைத்திருக்கிறேன். அதில் பிழை இருந்தால், தேநீர் குடிக்க இந்தப் பக்கம் வரும்போது திருத்திக் கொடுங்கள்.

இங்ஙனம்,
நீதிமன்றத்துக்கு எதிரே கணினி மையம் நடத்துபவன்